பெரிய ஃபைப்ராய்டா, சின்னதா: அதிக இரத்தப்போக்குக்கு எது காரணம்?

கேள்வி: எனக்கு வயது 43. ஏழெட்டு மாதமாக மாதவிடாய் 9 நாள் வரை போகிறது. முதல் மூன்று நாள் கட்டி கட்டியாகப் படுகிறது. ஹீமோகுளோபின் 8.4. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டு ஃபைப்ராய்டு என்று போட்டிருக்கிறது. பின்சுவரில் 6.1 × 5.4 × 5.2 செ.மீ., சப்சீரோசல். முன்சுவரில் 1.9 × 1.7 × 1.6 செ.மீ., சப்மியூகோசல், எண்டோமெட்ரியத்தை அழுத்துகிறது. போன வருடம் வேறு இடத்தில் வயிற்று ஸ்கேன் எடுத்தபோது பெரியது 5.7 என்று இருந்தது; சின்னதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரிய கட்டியை எடுத்துவிட்டால் இரத்தப்போக்கு நின்றுவிடுமா?

பதில்:

பெரும்பாலும் நிற்காது. நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துப் பார்த்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது 1.9 செ.மீ. கட்டியைத்தான். கர்ப்பப்பை ஸ்கேன் செய்து ரிப்போர்ட் எழுதுவது என் அன்றாட வேலை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோர் கண்ணும் பெரிய எண்ணில்தான் போய் நிற்கிறது. இரத்தப்போக்கைப் பொறுத்தவரை அந்த எண்ணைவிட அதற்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். உங்கள் ரிப்போர்ட்டில் அந்தச் சொற்கள் 'சப்சீரோசல்', 'சப்மியூகோசல்'.

கர்ப்பப்பைச் சுவரில் மூன்று அடுக்குகள். உள்ளே, மாதாமாதம் உரிந்து விழும் மெல்லிய படலம் எண்டோமெட்ரியம். நடுவில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தசை, அது மயோமெட்ரியம். வெளியே காகிதம்போல ஒரு உறை, அது சீரோசா. ஃபைப்ராய்டு எல்லாமே நடுவிலுள்ள தசையில்தான் பிறக்கிறது. அங்கேயே தங்கிவிட்டால் இன்ட்ராமியூரல். வெளிப்பக்கமாகப் புடைத்தால் சப்சீரோசல். உட்பக்கமாகப் புடைத்து, மாதவிடாய் உண்டாகும் குழிக்குள் தலையை நீட்டினால் சப்மியூகோசல்.

இந்த மூன்று பெயர் போதாதென்று, உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2011-இல் ஒரு எண் வரிசை கொடுத்தது. 0 முதல் 8 வரை. 0 என்றால் கட்டி முழுவதும் குழிக்குள், ஒரு காம்பில் தொங்குகிறது. 1 என்றால் பாதிக்குமேல் குழிக்குள் இருக்கிறது, மீதிதான் தசையில். 2 என்றால் பாதியோ அதற்குமேலோ தசைக்குள், மீதி குழிக்குள். இந்த மூன்றும்தான் சப்மியூகோசல். 3 என்பது எண்டோமெட்ரியத்தைத் தொடுகிறது, ஆனால் குழிக்குள் புடைக்கவில்லை. 4 முழுக்கத் தசைக்குள். 5, 6, 7 என்று எண் ஏற ஏறக் கட்டி வெளியே நகர்கிறது. 7 வெளிப்புறம் காம்பில் தொங்குவது. 8 என்பது கர்ப்பப்பை வாய் போன்ற மற்ற இடங்கள். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். எண் சிறியதாக இருந்தால் இரத்தப்போக்குக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு கட்டிகளையும் கொள்ளளவில் பார்ப்போம். ஸ்கேனில் மூன்று அளவுகளையும் பெருக்கி, 0.52-ஆல் மறுபடி பெருக்கினால் மில்லிலிட்டரில் தோராயமான அளவு வரும்.

6.1 × 5.4 × 5.2 × 0.52 = 89
1.9 × 1.7 × 1.6 × 0.52 = 2.7

பெரியது சின்னதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். ஆனாலும் பெரியது வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறது, சின்னது இரத்தம் வரும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

இடத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்பீர்கள். மாதவிடாய் தொடங்குவதைவிட, அது எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். எண்டோமெட்ரியம் உரியும்போது அதன் சின்னஞ்சிறு இரத்தக்குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். அவை சுருங்க வேண்டும், வாயில் இரத்தம் உறைந்து அடைபட வேண்டும், அப்புறம் புதிய படலம் வளர்ந்து மூட வேண்டும். குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி இதையெல்லாம் கெடுக்கிறது. அதன்மேல் போர்த்தியிருக்கும் படலம் இழுபட்டு மெலிந்து, சில இடங்களில் புண்ணாகிறது. அடியிலுள்ள சிரைகள் அழுத்தப்பட்டுப் புடைத்துப்போகின்றன. உட்புறப் பரப்பு கூடுகிறது. தசையும் ஒழுங்காகச் சுருங்க முடிவதில்லை.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஃபைப்ராய்டு சில வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கிறது. அவற்றில் ஒன்று டிஜிஎஃப்-பீட்டா 3. இது எண்டோமெட்ரியத்தில் இரத்தம் உறைவதோடு தொடர்புடைய சில பொருள்களின் உற்பத்தியைக் குறைக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். பாதிப்பு கட்டியின் மேலுள்ள படலத்தோடு நிற்காமல் மற்ற இடத்துப் படலத்துக்கும் பரவுகிறது. 2.7 மில்லி அளவுள்ள ஒரு கட்டி 9 நாள் ஓட வைப்பது எப்படி என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

சரி, அப்படியானால் 6 செ.மீ. கட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாமா? அதற்கு முன் ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும். 'சப்சீரோசல்' என்று எழுதுவதில் இரண்டு நிலைகள் அடங்கும். கட்டியின் பெரும்பகுதி வெளியே இருக்கலாம், அது 6. அல்லது பாதியோ அதற்குமேலோ தசைக்குள் இருந்துகொண்டு வெளியேயும் புடைக்கலாம், அது 5. ஆறு சென்டிமீட்டர் கட்டியில் பாதி தசைக்குள் இருந்தால், இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவரில் அதன் உள்விளிம்பு எண்டோமெட்ரியத்துக்கு மிக அருகில் வந்துவிடும். சில கட்டிகள் வெளியேயும் புடைத்து உள்ளேயும் புடைக்கும். அவற்றை 2-5 என்று இரட்டை எண்ணில் எழுதுவார்கள். ஆகவே 'பெரிய கட்டியின் உள்விளிம்புக்கும் எண்டோமெட்ரியத்துக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் தசை இருக்கிறது' என்று ஸ்கேன் செய்தவரைக் கேளுங்கள். நல்ல இடைவெளி இருந்து, எண்டோமெட்ரியம் வளையாமல் நேர்கோடாக ஓடினால், அந்தக் கட்டியை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம்.

அடுத்தது, சின்னக் கட்டிக்கு எழுதியிருக்கும் 'அழுத்துகிறது' என்ற சொல். ரிப்போர்ட் எழுதுகிறவர்களின் பழக்கதோஷம் இது, நானும் எழுதுவதுண்டு. எண்டோமெட்ரியக் கோடு ஒரு இடத்தில் கொஞ்சம் வளைந்தாலும் 'அழுத்துகிறது', கட்டி பாதிக்குமேல் குழிக்குள் வந்திருந்தாலும் அதே சொல். முதல் நிலை 3 ஆகவோ 2 ஆகவோ இருக்கலாம். இரண்டாவது நிலை 1. சிகிச்சை முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. எனவே ரிப்போர்ட்டில் ஃபிகோ எண்ணும், குழிக்குள் எத்தனை சதவீதம் நீட்டியிருக்கிறது என்பதும், கட்டியின் வெளிவிளிம்புக்கும் கர்ப்பப்பையின் வெளி உறைக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் தசை மிச்சம் என்பதும் இருக்க வேண்டும். 

சாதாரண ஸ்கேனில் இது தெளியாவிட்டால் சலைன் ஸ்கேன் செய்யலாம். மெல்லிய குழாய் ஒன்றைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, சில மில்லி உப்புநீரைச் செலுத்திக்கொண்டே பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் பார்ப்பார்கள். ஒட்டிக்கிடக்கும் இரண்டு சுவர்களும் விலகும். திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புக்குள் கட்டி எவ்வளவு நீட்டுகிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். சில நிமிட வேலை. மாதவிடாய் வலிபோல ஒரு பிடிப்பு இருக்கும். இரத்தம் நின்றபின், மாதவிடாய் தொடங்கியதிலிருந்து எண்ணி ஏறக்குறைய 10-ஆம் நாளுக்குள் செய்வது நல்லது. அப்போது படலம் மெல்லிசாக இருக்கும், கர்ப்பம் இருக்கவும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்களுக்கு 9 நாள் ஓடுவதால் நாள் குறிப்பது கொஞ்சம் சிரமம்தான். மாத்திரையால் போக்கைக் கட்டுப்படுத்திய மாதத்தில் செய்துகொள்ளலாம். காய்ச்சல், வயிற்றுவலியோடு கிருமித்தொற்று இருந்தால் செய்யமாட்டார்கள்.

போன வருடம் சின்னதைப் பற்றி எழுதாததற்கு அது அப்போது இல்லை என்று பொருளல்ல. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் கொழுப்பு, குடல் வாயு எல்லாவற்றையும் தாண்டித்தான் கர்ப்பப்பையைப் பார்க்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டி, அதிலும் பக்கத்தில் 5.7 செ.மீ. கட்டி ஒன்று கவனத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது, தப்பிப்போவது சாதாரணம். பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் கருவி கர்ப்பப்பைக்கு மிக அருகில் இருப்பதால் உட்படலம் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கு எட்டும் தூரம் குறைவு. பெரிய கர்ப்பப்பையின் மேல்பகுதியைப் பார்க்க வயிற்று ஸ்கேனும் வேண்டும். உங்களுக்கு இரண்டும் செய்வதே சரி. எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். இரத்தம் போய்க்கொண்டிருக்கும் நாளில் குழிக்குள் தங்கும் உறைந்த இரத்தம் கட்டிபோலவே தோன்றி ஏமாற்றும்.

5.7 என்பது 6.1 ஆனதைப் பெரிய வளர்ச்சியாக நினைக்க வேண்டாம். கட்டி சரியான உருண்டையாக இருப்பதில்லை. அளக்கும் கோணம் சற்று மாறினாலும், இன்னொருவர் அளந்தாலும், சில மில்லிமீட்டர் ஏறும், இறங்கும். ஒரே இடத்தில் ஒரே முறையில் மூன்று அளவுகளையும் எடுத்து ஒப்பிட்டால்தான் அது வளர்ச்சியா என்று சொல்ல முடியும். உண்மையிலேயே வேகமாக வளர்கிறது என்றால், அதிலும் மாதவிடாய் நின்றபின் வளர்கிறது என்றால், மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்ட வேண்டும். ஃபைப்ராய்டு என்று பார்த்தது புற்றாக இருப்பது மிக அரிது. ஆனால் ஸ்கேன் மட்டும் அதை நூறு சதவீதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அளவுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அளவு வேறு தொல்லைகளைத் தீர்மானிக்கிறது. முன்சுவரில் பெரிதானால் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி சிறுநீர் வரும்; பின்சுவரில் என்றால் மலச்சிக்கல், இடுப்பு கனம். தசைக்குள்ளேயே பெரிதாகிக் குழியை இழுத்து அகட்டும் கட்டியும் இரத்தப்போக்கைக் கூட்டலாம். உங்களுக்கு அழுத்தத் தொல்லை எதையும் எழுதவில்லை.

இனி, குற்றத்தைச் சின்னக் கட்டிமேல் முழுவதுமாகச் சுமத்துவதற்கு முன், வேறு யாரும் ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஃபைப்ராய்டு மிகமிகச் சாதாரணம். 50 வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது, அவர்களில் பலருக்கு ஒரு தொல்லையும் இல்லை. ரிப்போர்ட்டில் ஃபைப்ராய்டு இருப்பதாலேயே அதுதான் காரணம் ஆகிவிடாது. சப்மியூகோசல் கட்டிபோலவே தோன்றும் ஒன்று பாலிப், அதாவது எண்டோமெட்ரியத்திலிருந்தே வளரும் சதை. ஃபைப்ராய்டு திரையில் பொதுவாகக் கருமையாக, பின்னால் நிழல் விழுவதுபோல, சுற்றிலும் வளையமாக இரத்த ஓட்டத்தோடு தெரியும். பாலிப் வெளுப்பாக, ஒரே ஒரு இரத்தக்குழாய் உள்ளே நுழைவதுபோலத் தெரியும். இன்னொன்று அடினோமையோசிஸ்: உட்படலத் திசு தசைக்குள் ஊடுருவிக் கிடப்பது. அதற்கு ஃபைப்ராய்டுபோல் தெளிவான விளிம்பு கிடையாது. சுவர் ஒருபக்கம் தடித்து, சின்னச் சின்ன நீர்ப்பைகளோடு, விசிறிபோல் நிழல் கோடுகளோடு இருக்கும். அதுவும் அதிகப்போக்கு தரும், கூடவே வலியும் தரும், ஃபைப்ராய்டோடு சேர்ந்தும் இருக்கும்.

ஸ்கேனில் தெரியாத காரணங்களும் உண்டு: தைராய்டு, முட்டை வெளிவராத சுழற்சி, காப்பர் டி, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகள், பிறவியிலேயே இருக்கும் உறைதல் குறைபாடு. சின்ன வயதிலிருந்தே உங்களுக்கு அதிகப்போக்கா, பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்கவில்லையா என்று மருத்துவர் கேட்டால் அதற்காகத்தான். ஒரு தடயம் சொல்கிறேன். நாள் தவறாமல் மாதாமாதம் வந்து, வரும்போது மட்டும் அளவுக்கு மீறிப் போனால் கட்டி மீதான சந்தேகம் வலுக்கும். எப்போது வரும் என்றே தெரியாமல் தாறுமாறாக வந்தால், ஹார்மோனையும் எண்டோமெட்ரியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கும், அதற்கு முன்பே உடல் பருமன், நீண்ட நாள் ஒழுங்கற்ற மாதவிடாய் போன்றவை இருப்பவர்களுக்கும் எண்டோமெட்ரியத்தில் சிறிது எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம். உங்களுக்கு 43, தேவையா என்று கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்டோமெட்ரியத் தடிமனை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். மாதவிடாய் உள்ளவர்களுக்கு அது சில மில்லிமீட்டரில் தொடங்கி, மாதக் கடைசியில் 15, 16 வரைகூட இயல்பாகவே போகும். 4 மில்லிமீட்டர் என்ற கணக்கு, மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டவர்களுக்கானது.

ஹீமோகுளோபின் 8.4 தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 80 மில்லியைத் தாண்டினால் அதிகப்போக்கு என்பது பழைய வரையறை. அதுவே 40 மில்லிகிராம் இரும்பு. 160 மில்லி போனால் 80. உணவிலிருந்து உடல் உறிஞ்சுவது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், அதில் ஒன்று தினசரித் தேய்மானத்துக்கே சரியாகிவிடும். ஆக, மாதாமாதம் கையிருப்பு கரைகிறது. சாப்பாட்டால் மட்டும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து, இரும்பு மாத்திரையோ ஊசியோ இப்போதே தொடங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைவது தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மயக்கம், படபடப்பு, மூச்சுத்திணறல் வந்தாலோ, ரிப்போர்ட்டை ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே அவசரப்பிரிவுக்குப் போங்கள்.

சிகிச்சையும் இடத்தைப் பின்பற்றியே போகிறது. சின்னக் கட்டி 0 அல்லது 1 என்று உறுதியானால், ஹிஸ்டிரோஸ்கோப்பி வழியாக எடுக்கலாம். வயிற்றில் வெட்டு இல்லை. கர்ப்பப்பை வாய் வழியாகக் கேமராவை விட்டு, குழிக்குள் நீட்டியிருப்பதைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு என்பது இதற்கு வசதியான அளவு. 2 என்றால் வேர்ப்பகுதி தசைக்குள் இருப்பதால் கடினம். சிலருக்கு இரண்டு தடவையாகச் செய்ய வேண்டிவரும். நான் முன்பு சொன்ன 'வெளிப்புறம் மிச்சமிருக்கும் தசை' இங்கேதான் உதவும். அது 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் சுவரைத் துளைத்துவிடும் ஆபத்து கூடுவதால் பல மருத்துவர்கள் தயங்குவார்கள். அறுவைக்கு முன் ஹீமோகுளோபினை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையை மாதவிடாய் நாள்களில் மட்டும் தருவார்கள். கால் இரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது ஆகாது.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் ஐயுடி பற்றியும் உங்களிடம் யாராவது சொல்வார்கள். குழி வளையாமல், கட்டி 3 செ.மீ.க்குள் இருப்பவர்களுக்கு அது நல்ல மருந்து. குழிக்குள் கட்டி நீட்டியிருந்தால் அது நழுவி வெளியே விழ வாய்ப்பு அதிகம். கட்டியை எடுத்துவிட்டு அப்புறம் வைப்பது வேறு கதை, அதைப் பலர் செய்கிறார்கள்.

6 செ.மீ. கட்டி குழியிலிருந்து தள்ளி இருக்கிறது என்று உறுதியானால் அதை அப்படியே விட்டு, ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ அதே இடத்தில் ஸ்கேன் பார்த்தால் போதும். அதை எடுக்க வயிற்று வழியாகவோ லேப்ராஸ்கோப்பியிலோ பெரிய அறுவை வேண்டும். அதைச் செய்துவிட்டுச் சின்னதை உள்ளேயே விட்டுவந்தால், அடுத்த மாதமும் இதே 9 நாள்தான். கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், சின்னக் கட்டியின் ஃபிகோ எண் என்ன, அதை மட்டும் ஹிஸ்டிரோஸ்கோப்பியில் எடுக்க முடியாததற்குக் காரணம் என்ன என்று கேட்டுப் பதில் வாங்கியபிறகு முடிவு செய்யுங்கள்.

சின்னக் கட்டியை எடுத்தபின் இரண்டு மூன்று மாதவிடாய் போனபிறகே பலனைக் கணக்கிட வேண்டும். அப்போதும் குறையவில்லை என்றால் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: தசைக்குள் கட்டியின் மிச்சம் தங்கியிருக்கிறதா, எடுத்த திசுவின் பரிசோதனை முடிவு ஃபைப்ராய்டு என்றுதான் சொல்கிறதா, பெரிய கட்டிக்குப் பின்னால் மறைந்து அடினோமையோசிஸ் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு எம்ஆர்ஐ நல்ல பதில் தரும். பெரிய கட்டியின் நிழல் விழும் இடத்தில் எங்கள் ஸ்கேன் கருவிக்குக் கண் தெரியாது.